நியூஸ்லெட்டர், பாட்காஸ்ட் ஸ்பான்சர்: கடலூர், புதுச்சேரி கடைக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

ஆன்லைனில் விற்கும் சிறு கடைக்காரர்கள் பலர் இப்போது கூகுள், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களைத் தாண்டி, தமிழ் நியூஸ்லெட்டர்களுக்கும் பாட்காஸ்ட்களுக்கும் பணம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அவர்களிடமிருந்து வரும் கேள்விகள்தான் கீழே இருப்பவை.

பதில்கள் முழுக்க ஒரே கடையை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். பண்ருட்டி முந்திரியைப் பண்டிகைப் பெட்டியாகக் கட்டி விற்கும் கடை. பெட்டி 2,400 ரூபாய். முந்திரி, அட்டைப்பெட்டி, கூரியர், பேமென்ட் கேட்வே கட்டணம் எல்லாம் போகக் கையில் நிற்பது 600 ரூபாய். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்தவை. உங்கள் கடை எண்களை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

"12,000 பேர் படிக்கிறாங்க, ஒரு தடவை போட 6,000 ரூபாய்னு சொல்றாங்க. இது நியாயமான ரேட்டா சார்?"

பன்னிரண்டாயிரத்தை ஓரமாக வையுங்கள். அது மெயில் போய்ச் சேரும் முகவரிகளின் எண்ணிக்கை. நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "கடைசியாகப் போட்ட மூணு ஸ்பான்சர் விளம்பரத்துக்கு எத்தனை கிளிக் வந்தது?" சராசரி வேண்டாம், மூன்று எண்ணையும் தனித்தனியாக வாங்குங்கள். 140, 150, 420 என்று வந்தால் அந்த 420 ஏதோ பொருளை இலவசமாகத் தருவதாகச் சொன்ன விளம்பரமாக இருக்கும். நடுவில் நிற்கும் 150-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து உங்கள் கடையின் எண். புதிதாக உள்ளே வருபவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வாங்குகிறார்கள்? இதைப் பழைய வாடிக்கையாளர்களைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எண் அழகாகத் தெரியும். நம் கடையில் அது 4 என்று வைப்போம். 150 கிளிக்குக்கு 6 ஆர்டர். வாசகர்களுக்குச் சலுகையாக 50 ரூபாய் அடக்கத்தில் ஒரு மசாலா முந்திரிப் பாக்கெட் சேர்த்துக் கொடுக்கிறோம். ஆக ஒரு பெட்டியில் நிற்பது 550. ஆறு பெட்டிக்கு 3,300.

அதாவது அந்த விளம்பரத்துக்கு 3,300 ரூபாய் கொடுத்தால் கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். அவர்கள் கேட்கும் 6,000-க்கு ஓர் ஆர்டரைப் பிடிக்கவே 1,000 ரூபாய் ஆகிறது, பெட்டியில் நிற்பதோ 550. ரேட் நியாயமா என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான பதில் கிடையாது. லட்ச ரூபாய் கோர்ஸ் விற்பவருக்கு அதே 6,000 மலிவு. உங்கள் பெட்டிக்கு அது கட்டுப்படியாகாது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை மறைக்காமல் அவர்களிடமே சொல்லிப் பேரம் பேசலாம். "என் கடையில நூத்துக்கு நாலு பேர் வாங்குறாங்க, உங்க கிளிக் 150, அதனால என்னால 3,300-தான் முடியும்" என்று சொன்னால், நல்ல நியூஸ்லெட்டர் நடத்துபவருக்குப் புரியும். பலர் முழுத்தொகையைக் குறைக்க மாட்டார்கள், ஆனால் அதே காசுக்கு இரண்டு இதழில் போடச் சம்மதிப்பார்கள். இரண்டாவது இதழில் கிளிக் கொஞ்சம் குறையும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

"ஓப்பன் ரேட் 55 சதவீதம்னு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்காங்க. நம்பலாமா?"

ஸ்கிரீன்ஷாட் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த எண்ணை வைத்து விலை பேசாதீர்கள்.

மெயிலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னப் படம் ஒன்று இருக்கும். அந்தப் படம் இறங்கினால் மெயில் திறக்கப்பட்டதாகக் கணக்கு. 2021 செப்டம்பரில் ஐஓஎஸ் 15 வந்தபோது, ஐபோனில் இருக்கும் ஆப்பிளின் மெயில் செயலி, அந்த வசதியை இயக்கியவர்களுக்கு, படங்களைத் தானாகவே முன்கூட்டி இறக்க ஆரம்பித்தது. ஆள் மெயிலைப் பார்த்தாரா இல்லையா என்பதே தெரியாமல் 'திறந்தார்' என்று பதிவாகும். நம் ஊர் வாசகர்களில் ஆண்ட்ராய்டில் ஜிமெயில் பார்ப்பவர்களே அதிகம் என்பதால் இந்த ஊதல் இங்கே கொஞ்சம் குறைவு. சிங்கப்பூர், அமெரிக்கா என்று வெளியூர்த் தமிழர்கள் நிறைய இருக்கும் நியூஸ்லெட்டரில் எண் நன்றாகவே ஊதும்.

இன்னொன்று, தமிழ் நியூஸ்லெட்டர்களுக்கே உரியது. ஒரு மெயிலின் அளவு சுமார் 102 கே.பி.-யைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டிவிட்டு, முழுதும் பார்க்க ஒரு லிங்க்கை மட்டும் காட்டும். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் ஆகிறது, 'கி' மாதிரி எழுத்துக்கு இரண்டு குறியீடு, ஆக ஆறு பைட். அதனால் நீளமான தமிழ்க் கட்டுரை சீக்கிரமே வெட்டு வாங்கும். உங்கள் விளம்பரம் கடைசியில் இருந்தால் பாதிப் பேர் கண்ணில் படாமலே போகலாம். பணம் கொடுக்கும் முன் பழைய இதழ் ஒன்றை உங்கள் ஜிமெயிலுக்கு அனுப்பச் சொல்லி, ஸ்பான்சர் பகுதி எங்கே வருகிறது, வெட்டு எங்கே விழுகிறது என்று போனில் நீங்களே பாருங்கள். முதல் கட்டுரைக்கு மேலேயோ, அதற்கு அடுத்தோ இடம் கேளுங்கள்.

"பாட்காஸ்ட்ல எதை வச்சு விலை பேசறது? அங்கே கிளிக்கே கிடையாதே!"

முதலில் எண்களைப் பிரித்து வாங்க வேண்டும். தமிழ் பாட்காஸ்ட் பெரும்பாலும் யூடியூபிலும் ஓடுகிறது, ஸ்பாட்டிஃபை மாதிரி ஆடியோ செயலிகளிலும் ஓடுகிறது. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அது இரண்டு வெவ்வேறு சரக்கு.

ஆடியோவில் 'டவுன்லோடு' என்பது கேட்டதற்கான சான்று கிடையாது. இந்தத் துறை பொதுவாகப் பின்பற்றும் ஐஏபி என்ற விளம்பரத் துறை அமைப்பின் விதிப்படி, குறைந்தது ஒரு நிமிட அளவுக்கான ஆடியோ இறங்கினாலே ஒரு டவுன்லோடு. போன் தானாக இறக்கி வைத்து, ஆள் கேட்காமலே விட்டதும் அதில் சேரும். 2023-இல் ஐஓஎஸ் 17 வந்தபோது, கேட்காமல் விட்ட நிகழ்ச்சிகளைத் தானாக இறக்குவதை ஆப்பிள் கட்டுப்படுத்தியது. பல பாட்காஸ்ட்களின் எண் அதனால் இறங்கியது. அதனால் அதற்கு முந்தைய எண்ணைக் காட்டினால் ஏற்க வேண்டாம். வெளியாகி 30 நாளில் ஓர் எபிசோடுக்கு எவ்வளவு என்று, சமீபத்திய நாலைந்து எபிசோடுக்குக் கேளுங்கள்.

யூடியூபில் இதைவிடத் தெளிவாகப் பார்க்கலாம். எந்த நிமிடத்தில் எத்தனை சதவீதம் பேர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யூடியூப் ஸ்டூடியோவில் ஒரு வரைபடம் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுபவரிடம் தொழில் செய்யலாம். ஓர் எபிசோடுக்கு 30 நாளில் 5,000 பார்வை, உங்கள் விளம்பரம் வரும் 18-ஆவது நிமிடத்தில் 40 சதவீதம் பேர் மிச்சம் என்றால், காதில் விழுவது சுமார் 2,000 பேருக்கு. ஆடியோ டவுன்லோடு 1,000 சேர்த்தால் 3,000. எபிசோடுக்கு 4,500 ரூபாய் கேட்டால் ஆயிரம் பேருக்கு 1,500 ஆகிறது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 4,500 ரூபாய் திரும்பி வர 550 வீதம் 9 பெட்டி விற்க வேண்டும். 3,000 பேரில் சுமார் 330 பேருக்கு ஒருவர் வாங்க வேண்டும். நடக்குமா என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வி நிறையச் சொல்லிவிடும்: "உங்களுக்கு ஸ்பான்சர் செஞ்சவங்கள்ல யாரு ரெண்டாவது தடவையும் வந்தாங்க?" திரும்பி வந்த சின்னக் கடைக்காரர் ஒருவர் இருந்தால், அவரிடம் போனில் பேசுங்கள். அவர் சொல்லும் இரண்டு வாக்கியம் போதும், அவர்கள் அனுப்பும் 'மீடியா கிட்' என்ற விளம்பரக் கையேட்டைப் புரட்டிப் பார்க்கும் வேலை மிச்சம்.

"லிங்க் எப்படிப் போடணும் சார்? எங்க வெப்சைட் லிங்க்கையே குடுத்துடவா?"

அதைக் கொடுத்தால் யார் எங்கிருந்து வந்தார்கள் என்பது தெரியவே தெரியாது. மெயில் செயலியில் தட்டி வருபவர்கள் பெரும்பாலும் 'நேரடியாக வந்தவர்' என்றே பதிவாவார்கள். ஒவ்வொரு இதழுக்கும் தனி லிங்க் வேண்டும், இப்படி:

```
https://example.in/pandigai-box?utm_source=nl-name&utm_medium=sponsor&utm_campaign=deepavali&utm_content=issue1-top
```

கேள்விக்குறிக்குப் பிறகு வருபவை, ஆள் எங்கிருந்து வந்தார் என்று அனலிட்டிக்ஸுக்குச் சொல்லும் அடையாளங்கள். `utm_source` எந்த நியூஸ்லெட்டர் என்பது. `utm_content` எந்த இதழ், எந்த இடம் என்பது. எல்லாமே சின்ன எழுத்தில் இருக்கட்டும். கூகுள் அனலிட்டிக்ஸ் பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும், ஒரே நியூஸ்லெட்டர் இரண்டு வரியாகப் பிரிந்து போகும். `sponsor` என்று எழுதினால் சேனல் ரிப்போர்ட்டில் `Unassigned` என்ற தலைப்பில் விழும். பயப்பட வேண்டாம், `Session source / medium` ரிப்போர்ட்டில் சரியாகவே இருக்கும்.

லிங்க் முகப்புப் பக்கத்துக்குப் போகக் கூடாது. மெயிலில் எந்தப் பெட்டியைக் காட்டினீர்களோ அந்தப் பெட்டியின் பக்கத்துக்கே போகட்டும். அனுப்புவதற்கு முதல் நாள் உங்கள் போனிலிருந்து லிங்க்கைத் தட்டி, ஒரு பெட்டியைக் காசு கட்டி ஆர்டர் போட்டுப் பாருங்கள். இடையில் எங்காவது முகவரி மாறி, கேள்விக்குறிக்குப் பிறகு இருக்கும் பகுதி கழன்று போயிருந்தால் அப்போதுதான் தெரியும். `www` இல்லாத முகவரியிலிருந்து `www` இருக்கும் முகவரிக்குத் திருப்பிவிடும் இடத்தில் இது அடிக்கடி நடக்கும்.

"பாட்காஸ்ட்ல வாயால சொல்ற அட்ரஸுக்கு என்ன பண்றது?"

சின்னதாக, எழுதிக் காட்டாமலே எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். இங்கேதான் தமிழ்ப் பெயர்கள் காலை வாரும். 'முந்திரி' என்று காதில் கேட்பவர் ஆங்கில எழுத்தில் `mundhiri`, `munthiri`, `mundiri` என்று மூன்று விதமாக அடிப்பார். பண்ருட்டிக்கும் `panruti`, `panrutti` என்று இரண்டு. `kadal` மாதிரி பெரும்பாலோர் ஒரே மாதிரி எழுதும் சொல்லை எடுங்கள். `example.in/kadal` என்று வைத்து, `katal` என்று அடித்தாலும் அதே பக்கத்துக்குப் போகும்படி அமைத்துவிடுங்கள். கடைப் பெயரே குழப்பமான எழுத்துக்கூட்டலாக இருந்தால், அறிவிப்பாளர் ஒரு தடவை எழுத்து எழுத்தாகச் சொல்லட்டும்.

அந்தக் குட்டி முகவரி, மேலே சொன்ன மாதிரி `utm` சேர்த்த நீண்ட முகவரிக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்புவதை 302 என்ற தற்காலிக வகையில் அமைக்கச் சொல்லுங்கள். 301 என்றால் நிரந்தரம் என்று பொருள், போன் பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அடுத்த பொங்கலுக்கு வேறு பக்கத்துக்கு மாற்றினால், முன்பே வந்தவர் பழைய பக்கத்துக்கே போய் நிற்பார்.

யூடியூப் விவரப் பகுதியிலும் முதல் கமென்டிலும் போடும் லிங்க்குக்கு வேறு `utm_content` கொடுங்கள். வாயால் சொன்னதைக் கேட்டு அடித்தவர் யார், எழுத்தைத் தட்டியவர் யார் என்று பிரிந்துவிடும்.

"எங்களுக்கு ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்லதான் வருது. வெப்சைட்டே கிடையாது."

பரவாயில்லை. வாட்ஸ்அப் லிங்க்கிலேயே முதல் செய்தியை எழுதி வைக்கலாம்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=KADAL%20pandigai%20box
```

`91`-க்கு முன்னால் கூட்டல் குறியும் வேண்டாம், பூஜ்யமும் வேண்டாம். தட்டுபவருக்கு உங்கள் சாட் திறந்து, `KADAL pandigai box` என்ற வரி தயாராக இருக்கும். அவர் அனுப்பினால் போதும். சிலர் அந்த வரியை அழித்துவிட்டு "வணக்கம், ரேட் என்ன?" என்று ஆரம்பிப்பார்கள், அதனால் ஆர்டர் எடுக்கும்போது "எங்களைப் பத்தி எங்கே கேள்விப்பட்டீங்க?" என்று ஒரு வரி கேட்டு, அந்த சாட்டுக்கு லேபிள் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் லேபிள் வசதி இருக்கிறது. மாதக் கடைசியில் லேபிளைத் தட்டினால் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

"கூப்பன் கோடு போட்டா 10 சதவீதம் தள்ளுபடின்னு சொல்லலாமா? அப்பதானே வாங்குவாங்க?"

2,400-இல் பத்து சதவீதம் 240. கையில் நின்ற 600-இல் 40 சதவீதம். விளம்பரத்துக்கு ஒரு செலவு, தள்ளுபடிக்கு ஒரு செலவு என்று இரட்டைச் செலவாகிறது. அதோடு தள்ளுபடிக் கோடு வாட்ஸ்அப் குரூப்புகளுக்கும் கூப்பன் தளங்களுக்கும் போய்விடும். கேட்காதவர்களும் அதைப் போட்டு வாங்குவார்கள், கணக்கில் பாட்காஸ்ட் பிரமாதமாக விற்றதாகத் தெரியும். கோடு போட்டால் 50 ரூபாய் அடக்கமாகும் மசாலா முந்திரிப் பாக்கெட் என்பதே போதும். தேடிப் பிடித்துப் போடும் அளவுக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள், நிகழ்ச்சியைக் கேட்டவருக்கோ அதைச் சொல்லி வாங்க ஒரு காரணம் இருக்கும்.

"அவங்க 210 கிளிக்னு சொல்றாங்க, நம்ம அனலிட்டிக்ஸ்ல 128 பேர்தான் காட்டுது. ஏமாத்துறாங்களா அண்ணே?"

பெரும்பாலும் இல்லை. இரண்டு எண்ணும் வெவ்வேறு இடத்தில் எண்ணப்படுகின்றன.

கம்பெனி மெயில்களைக் காக்கும் பாதுகாப்பு மென்பொருள்கள், மெயில் வந்தவுடன் உள்ளே இருக்கும் லிங்க்குகளை எல்லாம் தாமே தட்டிச் சோதிக்கும். அது நியூஸ்லெட்டர் கணக்கில் கிளிக். உங்கள் அனலிட்டிக்ஸில் அது பெரும்பாலும் பதிவாகாது. சிலர் தட்டிவிட்டு, சிக்னல் சரியில்லாமல் பக்கம் திறக்கும் முன்பே மூடிவிடுவார்கள். சிலர் போனில் விளம்பரத் தடுப்பான் இருக்கும், அவர் வந்ததே அனலிட்டிக்ஸுக்குத் தெரியாது. முதல் வகை அவர்கள் எண்ணை ஊதுகிறது. கடைசி வகை உங்கள் எண்ணைச் சுருக்குகிறது.

கிளிக்குகள் எந்த நேரத்தில் வந்தன என்று கேட்டு வாங்குங்கள். காலை 7 மணிக்கு மெயில் போய், 7:00-க்கும் 7:02-க்கும் நடுவில் மட்டும் 60 கிளிக் விழுந்திருந்தால், அதே ஆட்கள் அதே நொடியில் அடியில் இருக்கும் 'விலகிக்கொள்ள' லிங்க்கையும் தட்டியிருந்தால், அது மனிதர்கள் கிடையாது. அதைக் கழித்தால் 150. உங்கள் 128-க்கும் அதற்கும் இருக்கும் இடைவெளி வழக்கமானது. இதைச் சண்டையாக்காமல் கேளுங்கள். நியூஸ்லெட்டர் நடத்துபவர் பலருக்கே இது தெரியாது. அடுத்த தடவை விலை பேசும்போது 210 இல்லை, 150 என்பதை இருவரும் ஒத்துக்கொண்டால் போதும்.

"எத்தனை நாள் கழிச்சு கணக்குப் பார்க்கலாம்?"

நியூஸ்லெட்டருக்கு ஒரு வாரம். கிளிக்கில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் வந்துவிடும். மீதி நாட்கள், யோசித்துவிட்டு வாங்குபவர்களுக்காக.

பாட்காஸ்ட்டுக்கு ஒரு வாரத்தில் தீர்ப்பு எழுதினால் அநியாயம். ஆட்கள் எபிசோடை மெதுவாகக் கேட்பார்கள். வேலைக்குப் பஸ்ஸில் போகும்போது கேட்டவர், சம்பளம் வந்த பிறகுதான் வாங்குவார். கடைசி எபிசோட் வெளியான நாளிலிருந்து 45 நாள் கொடுங்கள். ஆனால் ஒரு விஷயத்தை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: விளம்பரம் எபிசோடிலேயே பதிந்து கிடக்குமா, இல்லை குறிப்பிட்ட நாள் வரை மட்டும் செருகப்படுமா? பதிந்து கிடந்தால் ஒரு வருடம் கழித்தும் யாராவது கேட்டு வருவார்கள், அதனால் `/kadal` முகவரியை எடுத்துவிடாதீர்கள். செருகுவது என்றால் அந்த நாள் முடிந்ததும் விளம்பரமும் முடிந்தது, விலையும் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

"மூணு எபிசோடுக்கு 12,000 குடுத்தோம். கோடு போட்டு 9 பேர்தான் வாங்கியிருக்காங்க. நஷ்டம்னு எழுதிடவா?"

இன்னும் எழுத வேண்டாம். கோடு போட்டவர்கள் ஒரு பகுதிதான். காதில் கேட்டுவிட்டு, நாலு நாள் கழித்துக் கூகுளில் கடைப் பெயரைத் தேடி வருபவர் கோடை மறந்திருப்பார். அந்த ஆர்டர் கூகுள் கணக்கில் போய்ச் சேரும். அவரைப் பிடிக்க ஒரே வழி, காசு கட்டிய பிறகு வரும் பக்கத்தில் "எங்களைப் பற்றி எங்கே கேள்விப்பட்டீர்கள்?" என்று கேட்பது. விடைகளில் 'பாட்காஸ்ட்' என்று பொதுவாக எழுதாதீர்கள். யூடியூபில் கேட்டவர் 'யூடியூப்' என்பதைத் தொட்டுவிடுவார். நிகழ்ச்சியின் பெயரையே எழுதுங்கள். விடைகளின் வரிசை ஆளுக்கு ஆள் மாறும்படி வையுங்கள், முதலில் இருப்பதைத் தொட்டுவிட்டுப் போகும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கோடு போட்ட 9 பேரின் போன் எண்களைப் பழைய ஆர்டர்களோடு ஒத்துப் பார்த்தால், 2 பேர் ஏற்கெனவே உங்களிடம் வாங்கியவர்கள். அவர்கள் எப்படியும் தீபாவளிக்கு வாங்கியிருப்பார்கள், எடுத்துவிடுங்கள். மிச்சம் 7. கோடு போடாமல் லிங்க் வழியாக வந்து வாங்கிய புது ஆள் ஒருவர். ஆக 8. இது நிச்சயமாகத் தெரிந்த எண், இதைவிடக் குறைய வாய்ப்பில்லை.

அதே நாட்களில் மொத்தம் 160 புது வாடிக்கையாளர் ஆர்டர். அதில் 100 பேர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள், 12 பேர் நிகழ்ச்சியின் பெயரைத் தொட்டிருக்கிறார்கள். பதில் சொல்லாத 60 பேரும் இதே விகிதம் என்று வைத்தால் 160-க்கு சுமார் 19. பதில் சொல்லும் ஆள் கொஞ்சம் அக்கறையுள்ள ஆள், நிகழ்ச்சியின் ரசிகராக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் 19-ஐ மேல் எல்லையாக வையுங்கள்.

550 வீதம் பார்த்தால் 8 ஆர்டருக்கு 4,400, 19 ஆர்டருக்கு 10,450. இரண்டுமே 12,000-க்குக் கீழே. ஆனால் முந்திரி ஒரு தடவை வாங்கி நிறுத்தும் பொருள் கிடையாது. உங்கள் போன வருடக் கணக்கில் புதிதாக வந்த 10 பேரில் 4 பேர் வருடத்துக்குள் இன்னொரு பெட்டி வாங்கியிருந்தால், அது 4 தடவை 600, அதாவது 2,400. ஆளுக்குப் பிரித்தால் 240. ஒரு புது வாடிக்கையாளர் உங்களுக்கு 790 ரூபாய். இப்போது கீழ் எல்லை 6,320, மேல் எல்லை 15,010. இந்த 240-ஐ உங்கள் சொந்த ஆர்டர் புத்தகத்திலிருந்து எடுத்தால் மட்டும் சேருங்கள். "எப்படியும் திரும்பி வருவாங்க" என்ற நம்பிக்கையில் சேர்த்தால் எந்த விளம்பரமும் லாபமாகத்தான் தெரியும்.

நீங்கள் கொடுத்த 12,000 இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நஷ்டம் என்றும் சொல்ல முடியாது, லாபம் என்றும் சொல்ல முடியாது. அப்படி இருக்கும்போது செய்யக்கூடியது, நடுவில் ஓர் எண்ணை எடுத்து விலையாக மாற்றுவது. 13 வாடிக்கையாளர் என்று வைத்தால் 10,270. அதில் உங்களுக்குக் கொஞ்சம் மிஞ்ச வேண்டும். "அடுத்த மூணு எபிசோடுக்கு 9,000-னா உடனே செய்யறேன்" என்று சொல்லுங்கள், எப்படி அந்த எண்ணுக்கு வந்தீர்கள் என்பதையும் காட்டுங்கள். என் அனுபவத்தில், முடிவுகளை மறைக்காமல் காட்டும் கடைக்காரருக்கு நிகழ்ச்சி நடத்துபவர்கள் விலையில் இறங்கி வருகிறார்கள். பெரும்பாலான ஸ்பான்சர்கள் பணம் கட்டிவிட்டு, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லாமலே காணாமல் போகிறார்கள்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் எல்லா வழியிலிருந்தும் ஆர்டர் கூடும் என்பதையும் மறக்க வேண்டாம். மொத்த விற்பனை ஏறியதை வைத்துப் பாட்காஸ்ட்டுக்கு மார்க் போடாதீர்கள். அந்த ஏற்றம் தீபாவளியுடையது.

"நியூஸ்லெட்டர்ல 6 ஆர்டர் எதிர்பார்த்தோம், 3 தான் வந்துச்சு. இனி வேண்டாம்னு விட்டுடலாமா?"

6 எதிர்பார்க்கும் இடத்தில் 3 வருவதும் 9 வருவதும் சாதாரணம். ஒன்றுமே மாறாமல், அதே விளம்பரத்தை அதே ஆட்களிடம் காட்டினாலும் இந்த அளவுக்கு ஆடும். அதனால் ஒரே இதழை வைத்து 'நல்லது', 'கெட்டது' என்று முடிவு கட்ட முடியாது. இரண்டாவது இதழிலும் போட்டு, இரண்டையும் சேர்த்து 12-க்கு எத்தனை என்று பாருங்கள். 5-க்கும் கீழே என்றால் விட்டுவிடலாம்.

பூஜ்யம் வந்தால் வேறு கதை. 6 எதிர்பார்த்த இடத்தில் ஒன்றுமே வராமல் போவது அரிது. முதலில் லிங்க்கைத் தட்டிப் பாருங்கள், பெட்டி 'ஸ்டாக் இல்லை' என்று காட்டுகிறதா, பேமென்ட் பக்கம் போனில் திறக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பூஜ்யம் என்றால், அந்த வாசகர்கள் உங்கள் ஆட்கள் கிடையாது.

"விளம்பரத்துக்கு நாமளே எழுதிக் குடுக்கணுமா?"

பாட்காஸ்ட்டுக்கு வரிக்கு வரி எழுதிக் கொடுத்தால் படிக்கிற மாதிரியே கேட்கும். பெட்டியை முன்கூட்டியே அனுப்பி, அவர் சாப்பிட்டுப் பார்க்கட்டும். மூன்று விவரம் மட்டும் கொடுங்கள்: பண்ருட்டியிலிருந்து நேராக வருகிறது, W240 பருப்பு (ஒரு பவுண்டுக்குச் சுமார் 240 முழுப் பருப்பு நிற்கும் தரம்), முகவரி `/kadal`. முகவரியை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொல்லுங்கள். மற்றது அவர் மொழியிலேயே வரட்டும். காசு வாங்கிய விளம்பரம் என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும், இந்திய விளம்பரத் தரக் கவுன்சிலின் விதி அது. சொன்னால் விற்பனை குறையும் என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். தமிழ்க் கேட்பவர்களுக்கு அது தெரிந்தே இருக்கிறது, மறைத்தால்தான் கோபம் வரும்.

"நாங்க கடலூர், பாட்காஸ்ட் பண்றவர் பாண்டிச்சேரி. ஜிஎஸ்டி எப்படி வரும்?"

பக்கத்து ஊர்தான் என்றாலும், தமிழ்நாட்டிலிருந்து பார்த்தால் புதுச்சேரி வேறு எல்லை. உங்கள் ஜிஎஸ்டி எண் 33-இல் ஆரம்பிக்கும், அவருடையது 34-இல். அதனால் அவர் பதிவு செய்தவராக இருந்தால் பில்லில் ஐஜிஎஸ்டி 18 சதவீதம் வரும். 4,500 என்று பேசியது 5,310 ஆகிவிடும். "ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா?" என்பதைப் பேசும்போதே கேளுங்கள். நீங்கள் வழக்கமான முறையில் பதிவு செய்தவர் என்றால் அந்த 810-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கழிக்க முடியாது. அப்போது உங்கள் உண்மையான செலவு 5,310, மேலே போட்ட கணக்கு எல்லாவற்றிலும் அந்த எண்ணைத்தான் வைக்க வேண்டும்.

"தீபாவளிக்கு எப்ப புக் பண்ணணும்?"

கூரியர் நிறுவனம் 'இதற்குப் பிறகு எடுத்தால் தீபாவளிக்குள் சேராது' என்று சொல்லும் நாளை முதலில் வாங்குங்கள். அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். நியூஸ்லெட்டர் அந்த நாளுக்குப் பத்து நாள் முன்பு போனால் போதும். பாட்காஸ்ட்டின் கடைசி எபிசோட் குறைந்தது மூன்று வாரம் முன்பு வந்திருக்க வேண்டும். கேட்பவர்கள் மெதுவாகக் கேட்பவர்கள், அந்த நாளுக்குப் பிறகு வரும் ஆர்டருக்கு "பொங்கலுக்கு அனுப்பட்டுமா?" என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். பதிந்து கிடக்கும் விளம்பரமாக இருந்தால் 'தீபாவளிப் பெட்டி' என்ற பெயரையே சொல்ல வேண்டாம், 'பண்டிகைப் பெட்டி' என்று சொல்லச் சொல்லுங்கள். ஜனவரியில் அந்த எபிசோடைக் கேட்பவரும் அதே முகவரியை அடித்து வாங்கலாம்.